அலுவலக மொழி – 9: பாக்கிப் பணம் கேட்கும் மெயிலில் எத்தனை ப்ளீஸ்?

ஒரே மெயிலில் ப்ளீஸ், ஸாரி, தேங்க்யூ மூன்றும் திரும்பத் திரும்ப வரும்போது, எழுதியவருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறதா என்ற ஐயம் படிப்பவருக்கு எழுகிறது. உரிமை மிகத் தெளிவாக இருக்கும் இடத்தில்தான் இந்தச் சேதம் பெரிது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளிலிருந்து பெரிய கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போகும் ‘பேமென்ட் ஃபாலோ-அப்’ மெயில் அப்படிப்பட்ட இடம்.

மாதிரிக்கு ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். அம்பத்தூரில் சி.என்.சி. லேத் வைத்திருக்கும் பட்டறை ஒன்று, ஆவடிப் பக்கத்துக் கம்பெனிக்கு 400 புஷ்கள் கடைந்து கொடுக்கிறது. மார்ச் 4-இல் பொருள் போய்ச் சேர்ந்து, ஸ்டோரில் ஏற்கப்பட்டுவிட்டது. பில் தொகை 2 லட்சம், ஜி.எஸ்.டி. 36 ஆயிரம், ஆக 2,36,000 ரூபாய். எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடு 45 நாள். அது ஏப்ரல் 18-இல் முடிந்தது. மே 12 அன்று பட்டறையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெயில் போகிறது. தமிழில் அதன் சாரம் இது:

“ஐயா, தொந்தரவு செய்வதற்கு ஸாரி. உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும். ப்ளீஸ், எங்கள் மார்ச் பில்லைக் கொஞ்சம் பார்க்க முடியுமா? திரும்பத் திரும்பக் கேட்பதற்கு ஸாரி. முடிந்தால் ப்ளீஸ் இந்த வாரம் பணம் போட்டால் உதவியாக இருக்கும். பில் நகல் வேண்டுமென்றால் ப்ளீஸ் சொல்லவும். உங்கள் ஒத்துழைப்புக்கு தேங்க்ஸ். ஏதாவது தவறாகச் சொல்லியிருந்தால் ஸாரி. தேங்க்யூ ஸார்.”

ஒன்பது வாக்கியங்களில் எட்டில் பணிவுச் சொல் இருக்கிறது. பில் எண் இல்லை, தொகை இல்லை, கெடு முடிந்த தேதியும் இல்லை. அக்கவுண்ட்ஸில் இருப்பவரால் இதைப் படித்துவிட்டு எந்த பில் என்று தேடக்கூட முடியாது. பணிவு இங்கே விவரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பணிவு கூடினால் உரிமை ஏன் குறைந்து தெரிகிறது என்பதற்கு மொழியியலில் ஒரு விளக்கம் உண்டு. அதன் வேர்களில் ஒன்று தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. பெனலோப்பி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரும் 1978-இல் வெளியிட்ட பணிவுக் கோட்பாடு, ஆங்கிலம், மெக்சிகோவின் ட்செல்டால், தமிழ் ஆகிய மூன்று மொழிகளின் பேச்சை ஆராய்ந்து எழுந்தது. தமிழ்ப் பேச்சு கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சேகரிக்கப்பட்டது. கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் உள்ள தூரம், கேட்கப்படுபவர் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பது, கேட்கும் காரியம் எவ்வளவு பெரிய சுமை என்பது: இந்த மூன்றையும் கூட்டினால் வரும் எடைக்கு ஏற்பத்தான் மனிதர்கள் பணிவைக் கூட்டுகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. படிப்பவரோ இதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார். இத்தனை பணிவு இருந்தால் எடையும் அத்தனை இருக்க வேண்டும். ஆகவே கேட்பவர் கீழே இருக்கிறார், அல்லது கேட்பது பெரிய சலுகை. கெடு கடந்த பில் சலுகை அல்ல, கடன். எட்டு பணிவுச் சொற்கள் அந்தக் கடனைச் சலுகையாக மாற்றிவிடுகின்றன.

இத்தனை ப்ளீஸ் வருவதற்கு அச்சம் மட்டும் காரணமில்லை. தமிழில் மரியாதை வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘பாருங்க’, ‘பாக்கறீங்களா’, ‘கொஞ்சம் பாத்து சொல்லுங்க’ என்றாலே போதும். தனிச் சொல் தேவைப்படுவதில்லை. ‘தயவுசெய்து’ பேச்சில் அரிது. வந்தால் கெஞ்சலாகவே ஒலிக்கும். ஆங்கில வினைச்சொல்லில் ‘ங்க’ கிடையாது. அது இல்லாத வாக்கியம் மொட்டையாகத் தெரிவதால், தமிழர் ஒவ்வொரு வினையோடும் ஒரு ப்ளீஸைச் சேர்த்துக் குறையை நிரப்புகிறார். இதோடு ‘தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்று பள்ளியில் பழகிய மனு நடையும் சேர்ந்துகொள்கிறது. மனு, கொடுக்க மறுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் எழுதுவது. பில் அப்படிப்பட்டதல்ல.

மூன்று சொற்களும் ஒரே விதமாகக் கெடுப்பதில்லை. எல்லா வாக்கியத்திலும் ப்ளீஸ் இருந்தால், பில் நகல் பற்றிய உபசாரமும் பணம் கேட்கும் வாக்கியமும் ஒரே எடையில் நிற்கின்றன. எது கோரிக்கை என்று தெரிவதில்லை. ‘முடிந்தால்’ அதோடு சேரும்போது, முடியவில்லை என்று சொல்லும் அனுமதியும் கூடவே போகிறது. தேங்க்ஸ், இன்னும் செய்யாத ஒன்றுக்கு வரும்போது வெறும் சடங்காகிவிடுகிறது.

ஸாரிதான் மிக ஆபத்தானது. அது தவறு நடந்ததாக ஒப்புக்கொள்ளும் சொல். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், பொருள் வந்த நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும். ஆட்சேபம் தெரிவித்திருந்தால், அது நீக்கப்பட்ட நாளிலிருந்துதான் கணக்கு. எனவே ‘எங்கள் பக்கக் குறைக்கு ஸாரி’ என்று எதைப் பற்றி என்று சொல்லாமல் எழுதும் வரி, சரக்கில் குறை இருந்தது, கணக்கு அன்று தொடங்கவில்லை என்று வாதாட எதிர்த்தரப்புக்கு இடம் கொடுக்கிறது. உண்மையில் குறை இருந்தால் அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும், ஆனால் அளவோடு: “6 புஷ்களின் அளவு தவறியதற்கு ஸாரி, மாற்றுப் புஷ்கள் மார்ச் 9-இல் உங்கள் ஸ்டோரில் சேர்ந்தன.” எது, எத்தனை, எப்போது சரியானது என்ற மூன்றும் அதில் உள்ளன. இங்கே மன்னிப்பு எழுதியவரைத் தாழ்த்துவதில்லை, பொறுப்புள்ளவராகக் காட்டுகிறது.

சரக்கில் குறையே இல்லாத நம் மாதிரிக் கணக்குக்கு, திருத்திய மெயில் இப்படி இருக்கலாம்:

“வணக்கம். 400 புஷ்களுக்கான எங்கள் பில் எண் 118, தேதி மார்ச் 4, தொகை ரூ.2,36,000. சரக்கு அன்றே ஏற்கப்பட்டது, ஜி.ஆர்.என். நகலை உடனே அனுப்பியதற்கு நன்றி. 45 நாள் கெடு ஏப்ரல் 18-இல் முடிந்து, இன்றோடு 24 நாள் ஆகிறது. ஜி.எஸ்.டி. 36,000 ரூபாயை ஏப்ரலிலேயே நாங்கள் கட்டிவிட்டோம். பணம் எந்தத் தேதியில் வரும் என்பதை ப்ளீஸ் மே 15-க்குள் தெரிவிக்கவும்.”

ஒரு ப்ளீஸ், அதுவும் கோரிக்கை வாக்கியத்தில். ஒரு நன்றி, அதுவும் ஏற்கெனவே நடந்த செயலுக்கு. ஸாரி இல்லை. கடுமையான சொல் ஒன்றும் இல்லை. அடுத்த ஆர்டருக்கும் இதே கம்பெனியை நம்பியிருக்கும் பட்டறை தயங்காமல் அனுப்பலாம். ஆனால் பணிவுச் சொல் அத்தனையும் நீக்கிவிட்டு, ‘உடனே பணம் போடவும்’ என்று மட்டும் எழுதுவது எதிர்ப்பக்கத் தவறு. அதிலும் பில் எண் இல்லை, தேதி இல்லை. அதனால் அதுவும் நிற்காது.

அனுப்பும் முன் ஒரு சோதனை உண்டு. மெயிலில் உள்ள ப்ளீஸ், ஸாரி, தேங்க்யூ எல்லாவற்றையும் தற்காலிகமாக அடித்துவிட்டு மிச்சத்தைப் படிக்க வேண்டும். தொகையும் தேதியும் கோரிக்கையும் மிஞ்சினால் மெயில் சரி. பணிவுச் சொற்களில் ஒன்றிரண்டைத் திரும்பச் சேர்க்கலாம். முதல் மெயிலில் மிஞ்சுபவற்றில் தொகையும் இல்லை, தேதியும் இல்லை.

கெடு தாண்டிய பணத்துக்கு அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தருகிறது. விவகாரம் வளர்ந்தால் 18-ஆம் பிரிவின்படி ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகலாம். அங்கே முன்வைக்கக்கூடிய ஆவணங்களில் இந்த ஃபாலோ-அப் மெயிலும் ஒன்று.

(தொடரும்)