இருமொழிக் கலப்பறிக்கைகளில் பெயர், நாள், நேரம்: ஒருவடிவப் பதிவு முறை

முன்னுரை

தமிழாய்வு அறிக்கைகள் பலவும் இன்று இரு மொழிகளின் மூலங்களிலிருந்து உருவாகின்றன. களக்குறிப்பு தமிழில் இருக்கும். நூலகப் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும். ஒலிப்பதிவுக் கருவி தரும் கோப்பு எண்களால் ஆன பெயரைக் கொண்டிருக்கும். இவற்றை ஓரறிக்கைக்குள் கொணரும்போது ஒரே மனிதர் இருவராகவும், ஒரே நாள் இரு நாளாகவும் மாறிவிடும் வாய்ப்பு உண்டு. இப்பிழைகள் எவ்விடத்தில் தோன்றுகின்றன, எவ்வாறு கண்டறியப்படுகின்றன, எவ்வாறு தவிர்க்கப்படலாம் என்பவற்றை, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளையின் பெயரையும் பிறந்த நாளையும் முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்

இப்பெயரின் முதலெழுத்து இரு வடிவங்களில் எழுதப்படுகிறது. தந்தையார் பெயரான சரவணப்பெருமாள் என்பதன் தமிழ் முதலெழுத்தைக் கொண்டு ‘ச.’ என எழுதுவோர் உளர். ஆங்கில எழுத்தின் பெயரை ஒலிபெயர்த்து ‘எஸ்.’ என எழுதுவோரும் உளர். பெயரின் பிற்பகுதியும் ‘வையாபுரிப்பிள்ளை’, ‘வையாபுரிப் பிள்ளை’, ‘வையாபுரி பிள்ளை’ என மூவகையாக அமைகிறது. இவை தம்முள் சேர ஒருவருக்கு ஆறு வடிவங்கள் கிடைக்கின்றன. முதலெழுத்தை முன்வைத்து அகரவரிசைப்படுத்தினால் ‘எஸ்.’ உயிரெழுத்து வரிசையிலும் ‘ச.’ சகர வரிசையிலும் சென்று நிற்கும். ஒருவரின் நூல்கள் இரு இடங்களில் பிரிந்து கிடப்பதைப் பயன்படுத்துவோர் எளிதில் உணரமாட்டார்.

ஆங்கிலத்திற்கு மாற்றும்போது சிக்கல் மேலும் வளர்கிறது. தாமே கையாண்டோ, வழக்கில் நிலைபெற்றோ வந்த எழுத்துக்கூட்டு ஒன்று. லெக்சிகன் முறை போன்ற எழுத்துக்கு எழுத்து ஒலிபெயர்ப்பு மற்றொன்று. பின்னதன்படி ‘எஸ்.’ என்பது தனியெழுத்தாகாமல் Es. என்றே மாறும். எனவே S. என்று தேடுபவருக்கு அப்பதிவு கிட்டாது. ஒலிபெயர்த்ததை மீண்டும் தமிழுக்குக் கொணர்வதும் எப்போதும் இயலாது. தமிழ் நெடுங்கணக்கில் க, ச, ட, த, ப ஆகியவற்றின் ஒலிப்புடை ஒலிகளுக்குத் தனியெழுத்து இல்லை. ஆகவே ‘பாலா’ என்ற தமிழ் வடிவத்தை மட்டும் கண்டு அதன் ஆங்கில எழுத்துக்கூட்டு Bala என்பதா Pala என்பதா என்று துணிய முடியாது. இழந்த இச்செய்தியைப் பின்னர் ஊகத்தால் நிரப்புவதினும் தொடக்கத்திலேயே பதிந்துவைத்தல் நன்று.

இதற்குத் தீர்வாக அறிக்கைக்கு ஒரு பெயர்ப்பட்டியல் தனியே அமைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு தலைப்பு வடிவம், அவரது வழக்கிலுள்ள ஆங்கில வடிவம், மூலங்களில் காணப்பட்ட பிற வடிவங்கள் ஆகிய மூன்றும் அதில் இடம்பெறும்.

```
தலைப்பு : வையாபுரிப்பிள்ளை, எஸ்.
ஆங்கிலம் : S. Vaiyapuri Pillai
பிற வடிவம் : ச. வையாபுரிப் பிள்ளை
பிறப்பு  : 1891-10-12
```

தலைப்பு வடிவத்தை நூலின் முகப்புத்தாளிலிருந்து எடுப்பது பொதுவிதியாகக் கொள்ளத்தக்கது. மேற்கோள் பகுதிக்குள் மூலத்தின் வடிவம் மாற்றப்படாது. அறிக்கையாளரின் சொந்த வாக்கியங்களில் தலைப்பு வடிவம் மட்டுமே வரும். இவ்வாறு பிரித்தால் மூலத்திற்கும் ஊறில்லை, ஒருமையும் குலையாது.

வேற்றுமை உருபுகள் வேறொரு கவனத்தைக் கோருகின்றன. ‘வையாபுரிப்பிள்ளையின்’ என்பதில் பெயர் சிதையாமல் நிற்கிறது. ‘சிதம்பரம்’ என்பதோ ‘சிதம்பரத்தின்’ என மாறுவதால், கணினியில் ‘சிதம்பரம்’ என்று தேடினால் அவ்விடம் அகப்படாது. ‘கோபாலின்’ என்பதில் மெய்யெழுத்தின் புள்ளி மறைவதால் ‘கோபால்’ என்ற தேடலும் தவறும். ஆகவே பெயர் ஒருமையைச் சரிபார்ப்போர் ‘சிதம்பர’, ‘கோபால’ என உருபேற்கும்போதும் மாறாது நிற்கும் பகுதியைக் கொண்டே தேட வேண்டும்.

நாள்

வையாபுரிப்பிள்ளை பிறந்தது 1891 அக்டோபர் 12. இதனை 12/10/1891 என எழுதினால் இந்திய வழக்கில் அக்டோபர் 12 என்றும் அமெரிக்க வழக்கில் டிசம்பர் 10 என்றும் பொருள்படும். இரண்டும் இயல்பான நாள்களாக இருப்பதால் பிழை கண்ணில் படாது. அவர் மறைந்த 17/02/1956 என்பதில் இவ்வையம் எழாது. 17ஆம் மாதம் இல்லை. நாள் எண் 12க்கு மேற்படாத இடங்களே ஐயத்துக்கு உரியவை என்பதால், சரிபார்ப்பவர் அவ்விடங்களை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டால் போதும்.

தமிழின் இயல்பான வரிசை ஆண்டு, திங்கள், நாள் என்று பெரிதிலிருந்து சிறிதுக்குச் செல்வது. உரைப்பகுதியில் ‘1891 அக்டோபர் 12’ என்றும், அட்டவணையில் 1891-10-12 என்றும் எழுதினால் இரண்டும் ஒரே வரிசையில் அமைகின்றன. அட்டவணை வடிவத்தை எழுத்துவரிசைப்படுத்தினாலும் காலவரிசையே கிடைக்கும். திங்கட்பெயர்களிலும் ஒரு வடிவமே வேண்டும். தமிழ்நாட்டு அறிக்கையில் ‘ஆகஸ்ட்’ என்பதும் இலங்கை அறிக்கையில் ‘ஓகஸ்ட்’ என்பதும் வழக்காதலின், அறிக்கை எந்நாட்டு வாசகருக்கு உரியதோ அவ்வழக்கைத் தேர்ந்து இறுதிவரை கையாளல் வேண்டும்.

பழைய ஆவணங்களில் அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் மட்டும் இருக்கலாம். ‘கர’ ஆண்டு என்பது 1891 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1892 ஏப்ரலில் முடிந்தது. அதன் ஐப்பசி 1891இலும், தை 1892இலும் அடங்கும். மார்கழியோ இரு ஆங்கில ஆண்டுகளிலும் பரந்து கிடப்பதால் நாள் எண் இன்றி ஆண்டைத் துணிய இயலாது. அன்றியும் ‘கர’ 1831இலும் 1951இலும் வந்துள்ளது. ஆகவே மூலத்தின் குறிப்பை அவ்வாறே தந்து, மாற்றிய நாளை அதன் அருகே தனியே தருதல் முறையாகும். திங்கள் தெரியாதபோது ‘1891–92’ என எழுதுவதே மெய்யான பதிவு.

நேரம்

நேரக்குறிப்பில் பிழை மிகுதியும் நள்ளிரவை ஒட்டி எழுகிறது. விடியவிடிய நடைபெறும் தெருக்கூத்தைப் பதிவுசெய்யும் கள ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். 2023 ஜூன் 16 வெள்ளி இரவு 10 மணிக்குத் தொடங்கிய கூத்தில் ஒரு காட்சி ஒரு மணிக்கு நிகழ்ந்ததாகக் கொள்வோம். களக்குறிப்பு ‘வெள்ளி இரவு 1 மணி’ என்னும். ஊராரின் பேச்சும் அவ்வாறே. ஒலிப்பதிவுக் கருவியோ ஜூன் 17 சனி என்று பதியும். இரண்டும் தம்மளவில் சரியே. ஆயின் நாளை 16 என்றும் நேரத்தை ஒரு மணி என்றும் இணைத்தால், கூத்துத் தொடங்குவதற்கு 21 மணி நேரம் முன்னரே அக்காட்சி நிகழ்ந்ததாகிவிடும். காட்சிகளைக் கால வரிசையில் அடுக்கும்போது இறுதிக்காட்சி முதற்காட்சிக்கு முன் வந்தால், பிழை இவ்வகையினது என அறியலாம்.

இத்தகைய அறிக்கையில் அட்டவணைக்கு 24 மணி நேர முறை ஏற்றது: 2023-06-16 22:00, 2023-06-17 01:00. உரையில் ‘வெள்ளி நள்ளிரவு கடந்து 1 மணிக்கு, ஜூன் 17’ என இரண்டையும் இணைத்துக் கூறலாம். ‘இரவு 12 மணி’ என்பது எந்நாளின் தொடக்கம் என்பதை நாளெண் கொண்டு தெளிவாக்க வேண்டும். மணிக்கும் நிமிடத்துக்கும் இடையே முக்காற்புள்ளி இடுதல் நன்று, 6.30 என்று புள்ளியிட்டால் அட்டவணைச் செயலி அதனைப் பதின்மக் கூறாக எடுத்து 6.3 என மாற்றிவிடக்கூடும்.

முடிவுரை

பெயருக்குத் தலைப்பு வடிவமும், நாளுக்குப் பெரிதிலிருந்து சிறிதுக்குச் செல்லும் வரிசையும், நேரத்துக்கு நாளோடு இணைந்த 24 மணிக் குறிப்பும் அறிக்கையைத் தொடங்கும் முன்னரே முடிவுசெய்யப்பட வேண்டும். மூலத்தின் வடிவமும் அறிக்கையின் வடிவமும் தனித்தனியே பதியப்பட்டிருப்பின், பின்வரும் ஆய்வாளர் மாற்றம் எங்கு நிகழ்ந்தது என்பதைக் கண்டு அதனைச் சரிபார்க்கவோ மறுக்கவோ இயலும்.