நைட்டிங்கேல் வேண்டாம், படுக்கைப்புண் எழுதுங்கள்

பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையில் ஓராண்டு முதுகலைப் படிப்பு படிக்கலாம். 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் குறைந்தது 2 ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். நர்சிங் படிக்க நினைப்பவர் எழுதும் விண்ணப்பக் கடிதம் இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது.

பலர் நைட்டிங்கேலில் ஆரம்பித்து, சின்ன வயதிலிருந்தே சேவை மனப்பான்மை என்று தொடர்வார்கள். பெயரை மாற்றினால் அதே கடிதத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்!

தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர் ஒருவரை வைத்துப் பார்ப்போம். “நோயாளிகளை அன்போடு கவனித்தேன்” என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிட்டு இப்படி எழுதலாம்: “எங்கள் வார்டில் படுக்கைப்புண் வந்த பிறகே கவனித்தோம். சேர்க்கும்போதே பிரேடன் அளவுகோலில் மதிப்பெண் போட ஆரம்பித்தேன். 18-ம் அதற்குக் கீழும் வந்தவர்களைத் திருப்பிப் படுக்கவைக்க நேர அட்டவணை மாட்டினேன். இரவு ஷிஃப்டில் ஆள் குறைந்ததால் அட்டவணை நின்றுபோனது. ஷிஃப்டுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று ஆதாரத்தோடு கேட்க எனக்குத் தெரியவில்லை.”

கடைசி வாக்கியம்தான் கடிதத்தின் உயிர். ஆய்வு முறைகள், பணியாளர் திட்டமிடல் போன்ற பாடங்களை அவர் ஏன் தேடுகிறார் என்பதற்கு அதுவே பதில். தோல்வியை எழுதப் பயப்படத் தேவையில்லை. ஆனால் புண்கள் பாதியாகக் குறைந்தன என்று கணக்கில்லாமல் எழுதினால், நேர்காணலில் எப்படி எண்ணினீர்கள் என்ற கேள்வி வரும்.

திரும்பி வந்து என்ன செய்வேன் என்பதற்கு “நாட்டுக்கு உழைப்பேன்” போதாது. எந்தப் பதவி, எந்த வார்டு, முதல் ஆண்டில் எதை மாற்றுவேன் என்று இருக்க வேண்டும்.