நான்காவது புள்ளி எங்கே விழுகிறது?

நில அளவையில் அங்கங்கே எடுத்த உயரங்கள் கணினிக்கு வெறும் சிதறிய புள்ளிகள்தான். அவற்றை முக்கோணங்களாக இணைத்தால்தான் இடையிலுள்ள தரையின் உயரம் தெரியும். ஆனால் ஒரே புள்ளிகளைப் பல விதமாக இணைக்கலாம். ஊசிபோல் நீண்ட முக்கோணம் வந்தால், தொலைவிலிருக்கும் புள்ளியை வைத்து இங்குள்ள தரையைக் கணித்ததாகிவிடும்.

ரஷ்யக் கணிதர் போரிஸ் டெலோனே 1934இல் ஒரு நிபந்தனையை முன்வைத்தார். எந்த முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாக வட்டம் வரைந்தாலும், அதற்குள் வேறு புள்ளி இருக்கக் கூடாது. அத்தகைய வலையை அடைய, முதலில் ஏதாவதொரு முக்கோண வலையைப் போட்டுவிட்டு, தவறான கோடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினால் போதும்.

நான்கு புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். மேற்குப் புள்ளிக்கும் கிழக்குப் புள்ளிக்கும் இடையே 8 மீட்டர். வடக்குக்கும் தெற்குக்கும் 4 மீட்டர். இரண்டும் நடுவில் வெட்டிக்கொள்கின்றன. மேற்கையும் கிழக்கையும் கோட்டால் இணைத்தால் இரண்டு தட்டையான முக்கோணங்கள் கிடைக்கும். மேற்கு, வடக்கு, கிழக்கு வழியாகச் செல்லும் வட்டத்தின் ஆரம் 5 மீட்டர். மையம் நடுவிலிருந்து 3 மீட்டர் தெற்கே. தெற்குப் புள்ளி அந்த மையத்திலிருந்து 1 மீட்டரில், வட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. ஆகவே கோட்டை அழித்து வடக்கையும் தெற்கையும் இணைக்கிறோம். இப்போது மேற்கு, வடக்கு, தெற்கு வழியாகச் செல்லும் வட்டத்தின் ஆரம் 2.5 மீட்டர்தான். அதன் மையத்திலிருந்து கிழக்குப் புள்ளி 5.5 மீட்டர் தள்ளி நிற்கிறது. மிகச் சிறிய கோணமும் ஏறத்தாழ 27 பாகையிலிருந்து 53 பாகையாகிவிட்டது.

பெரிய வலையில் ஒரு கோட்டைத் திருப்பினால், சுற்றியுள்ள நான்கு கோடுகளையும் மறுபடி சோதிக்க வேண்டும். இது முடிவில்லாமல் போகாதா? போகாது. ஒவ்வொரு புள்ளியையும் நடுவிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கம் அளவுக்கு மேலே தூக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கும் மேற்கும் 16க்கு ஏறும். வடக்கும் தெற்கும் 4க்கு. கோட்டைத் திருப்பியதும் நடுவில் வலை 16இலிருந்து 4க்கு இறங்குகிறது. ஒவ்வொரு திருப்பமும் வலையை இறக்குமே தவிர ஏற்றாது. எனவே கழித்த கோடு திரும்ப வராது.

கணிதத்தில்தான் இந்த உறுதி, கணினியில் இல்லை. சதுரக் கட்டத்தின் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேலேயே அமர்வதால் எந்த மூலைவிட்டமும் சரிதான். ஆனால் தசமப் பிழையால் நிரல் இரண்டையுமே தவறென்று சொல்லி, ஒரே கோட்டை மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டே இருக்கலாம். விடை பூஜ்யத்தை நெருங்கும்போது மட்டும் துல்லியக் கணக்குக்கு மாறுவது இதற்கான தீர்வு.

இன்னொரு குறை தரையிலேயே தெரியும். வட்டச் சோதனை உயரத்தைப் பார்ப்பதே இல்லை. நம் மேற்கும் கிழக்கும் 3 மீட்டர் உயரமான ஏரிக்கரையின் உச்சியில் இருந்து, மற்ற இரண்டும் அடிவாரத்தில் இருந்தால், திருப்பிய கோடு கரையை நடுவே வெட்டிவிடும். வரைபடத்தில் அங்கே உயரம் சுழியம். அதனால் கரையோரம், ஓடை, சாலை விளிம்பு போன்றவற்றை ‘பிரேக்லைன்’ என்று குறித்து, திருப்பக் கூடாத கோடுகளாகப் பூட்டிவிடுகிறார்கள். அந்த இடங்களில் முக்கோணம் ஊசியாக இருந்தாலும் அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.