இறந்தது எத்தனை மணிக்கு?

1959-ம் ஆண்டு செப்டம்பர் 30-ம் தேதி, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவன் பெயர் ஸ்டீவன் ட்ரஸ்காட். 12 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கழுத்தை நெரித்துக் கொன்றான் என்பது குற்றச்சாட்டு. கொலையைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. அவனைக் குற்றவாளிக் கூண்டில் அசையவிடாமல் நிறுத்தியவற்றில் முக்கியமானது ஒரு மருத்துவரின் சாட்சியம். சிறுமி இறந்தது ஜூன் 9-ம் தேதி மாலை 7 மணிக்கும் 7.45-க்கும் இடையில்தான் என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ஜான் பெனிஸ்டன் நீதிமன்றத்தில் சொன்னார்.

இந்த 45 நிமிடத்தின் கனம் புரிய அன்று மாலை நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிளிண்டன் என்ற ஊரின் அருகே ஒரு விமானப்படை முகாம். அங்கிருந்த பள்ளி மைதானத்திலிருந்து அந்தச் சிறுமியைத் தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்குப் பிறகு ஸ்டீவன் கிளம்பினான். நெடுஞ்சாலைச் சந்திப்பில் இறக்கிவிட்டதாகவும், அவள் ஒரு காரில் ஏறிப்போனதைப் பார்த்ததாகவும் சொன்னான். எட்டு மணி வாக்கில் அவன் மைதானத்துக்குத் திரும்பிவிட்டதைப் பலர் பார்த்தார்கள். அவள் இறந்தது 7.45-க்குள் என்றால் சந்தேகம் அவனை விட்டு நகராது. இரவு பத்து மணிக்கு என்றாலோ, மறுநாள் விடியற்காலை என்றாலோ வழக்கே நிற்காது.

சிறுமியின் உடல் ஜூன் 11-ம் தேதி பிற்பகலில், ஏறத்தாழ இரண்டு நாள் கழித்து, பக்கத்துத் தோப்பில் கிடைத்தது. அன்று மாலையே பரிசோதனை நடந்தது. மருத்துவர் சொல்ல வேண்டியவை இரண்டு: எதனால் இறந்தாள், எப்போது இறந்தாள். ஒரே உடலில், ஒரே மேஜையில் விடை தேடினாலும், இந்த இரண்டு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடைகளின் உறுதி ஒன்றல்ல.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். ‘இதயம் நின்றுபோனது’, ‘மூச்சு நின்றுபோனது’ என்பவை மரணத்தின் காரணம் ஆகா. எல்லா மரணத்திலும் இவை நடக்கும். எந்த நோயோ காயமோ அந்தச் சங்கிலியைத் தொடங்கி வைத்ததோ அதுதான் காரணம். வயிற்றில் கத்திக்குத்துப் பட்டவர் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கிருமித்தொற்று ரத்தத்தில் பரவி இறந்தாலும், அறிக்கையில் அடிப்படைக் காரணமாக வர வேண்டியது கத்திக்குத்து. அது கொலையா, தற்கொலையா, விபத்தா என்பது மூன்றாவது கேள்வி. அதற்கு உடல் மட்டும் போதாது. சம்பவ இடமும் சாட்சிகளும் வேண்டும்.

அந்தச் சிறுமியின் கழுத்தில் அவளுடைய மேல்சட்டையே இறுக்கி முடிச்சிடப்பட்டிருந்தது. இப்படிப்பட்ட உடலில் மருத்துவர் பார்ப்பது முதலில் தழும்பின் போக்கை. தூக்கில் தொங்கியவரின் கழுத்தில் கயிற்றின் தடம் பெரும்பாலும் குரல்வளைக்கு மேலே, முடிச்சை நோக்கிச் சாய்வாக ஏறிப்போகும். முடிச்சுப் பக்கத்தில் தடம் விட்டுப்போயிருக்கும். உடலின் எடை கீழே இழுப்பதால் அப்படி. இன்னொருவர் கயிற்றாலோ துணியாலோ நெரித்தால் தடம் கிடைமட்டமாக, சற்றுக் கீழே, கழுத்தை முழுதாகச் சுற்றி ஓடும். கொன்றுவிட்டுத் தொங்கவிடும் வழக்குகளில் மர்மத்தை உடைப்பது பல சமயம் இந்தக் கோணம்தான்.

அடுத்தது கண் இமைகளின் உட்புறமும் வெண்விழியும். நெரிக்கும்போது கழுத்துச் சிரைகள் அழுந்தி, தலையிலிருந்து ரத்தம் இறங்க முடியாமல் நுண்ணிய நாளங்கள் வெடிக்கும். குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். இவை வேறு சில மரணங்களிலும் வரக்கூடியவை என்பதால் இவற்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. எனவே கழுத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அனுபவமுள்ளவர்கள் கழுத்தைக் கடைசியில்தான் தொடுவார்கள். முதலில் மண்டையையும் மார்பையும் திறந்து, கழுத்து நாளங்களில் தேங்கிய ரத்தத்தை வடியவிடுவார்கள். அப்படிச் செய்யாமல் அறுத்தால், கத்தி பட்டு வழியும் ரத்தம் தசைக்குள் ஊறி, உயிரோடு இருந்தபோது ஏற்பட்ட ரத்தக்கட்டு போலவே தோன்றும். வடிந்த பிறகு ஒவ்வொரு தசைப் படலமாகப் பிரித்துப் பார்க்கும்போதும் ரத்தக்கட்டு இருந்தால், நெரித்தபோது உயிர் இருந்தது என்பதற்கு அது வலுவான சாட்சி. நாக்கின் அடியில் இருக்கும் லாட வடிவ எலும்பு முறிந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஆனால் சிறுவர்களுக்கு அந்த எலும்பின் பகுதிகள் இன்னும் ஒன்றுசேராமல் வளைந்துகொடுக்கும். முறியவில்லை என்பதால் நெரிக்கவில்லை என்று ஆகாது.

கழுத்தை நெரித்ததால் மரணம் என்ற முடிவு அந்த வழக்கின் மையச் சர்ச்சையாக ஒருநாளும் இருக்கவில்லை. சர்ச்சை முழுவதும் நேரத்தைப் பற்றியது.

இறந்த உடலில் நேரத்தோடு மாறுபவை முக்கியமாக மூன்று. முதலாவது சூடு. உயிர் போனபின் உடல் சுற்றுப்புறத்தின் வெப்பநிலையை நோக்கி இறங்கும். மணிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் என்று பழைய பாடம் சொல்லும். உண்மையில் முதல் சில மணி நேரம் சூடு அசையாமலே நிற்கலாம். பருமன், உடுப்பு, காற்று, ஈரம் என எல்லாமே வேகத்தை மாற்றும். ஜெர்மானிய ஆய்வாளர் ஹென்ஸ்கே இவற்றில் உடல் எடையையும் சுற்றுப்புற வெப்பத்தையும் கணக்கில் சேர்த்து ஒரு வரைபடம் தந்தார். இன்று உலகெங்கும் பயன்படுவது அதுதான். எல்லாம் சரியாக அளந்திருந்தாலும் அதன் விடையில் முன்னும் பின்னும் 2.8 மணி நேரம் விட்டுக்கொடுக்க வேண்டும். அதாவது மிகச் சிறந்த நிலையிலேயே ஐந்தரை மணி நேர இடைவெளி. சென்னையில் மே மாதம், மின்விசிறி ஓடாத, 34 டிகிரி இருக்கும் அறையில் ஒருவர் இறந்து கிடந்தால் அவர் உடல் இறங்குவதற்கு மூன்று டிகிரிதான் இருக்கிறது. அங்கே தெர்மாமீட்டர் காட்டும் எண்ணை வைத்து நேரம் சொல்வது ஏறக்குறைய இயலாத காரியம்.

இரண்டாவது, ரத்தம் தாழ்வான பக்கத்தில் தேங்குவதால் தோலில் தோன்றும் ஊதா நிறம். ஓரிரு மணி நேரத்தில் தெரியத் தொடங்கும். விரலால் அழுத்தினால் வெளுக்கும். சுமார் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அழுத்தினாலும் மாறாது. மல்லாந்து கிடக்கும் உடலின் மார்பில் அந்த நிறம் இருந்தால், யாரோ அதைப் புரட்டியிருக்கிறார்கள். நேரத்தைவிட இந்தத் தகவலுக்குத்தான் அது அதிகம் உதவுகிறது.

மூன்றாவது விறைப்பு. தசை இளகுவதற்கும் சக்தி வேண்டும். உயிரோடு இருக்கும்போது உடல் அந்தச் சக்தியைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இறந்தபின் அது தீர்ந்துபோக, தசை இழைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். இமையிலும் தாடையிலும் முதலில் தெரிந்து, பிறகு கை கால் வரை பரவி, அழுகல் தொடங்கும்போது தளரும். நம் ஊர்க் கோடையில் இது முழுவதும் ஒன்றரை நாளுக்குள் முடிந்துவிடலாம். குளிரில் இன்னும் நீளும். சாவதற்கு முன் ஓடியவர், காய்ச்சலில் கிடந்தவர், வலிப்பு வந்தவர் ஆகியோருக்குச் சீக்கிரமே வரும்.

இரண்டு நாள் கழித்துக் கிடைத்த உடலில் இந்த மூன்றில் எதுவும் 45 நிமிடத்தைச் சுட்டிக்காட்டாது. சூடு எப்போதோ சுற்றுப்புறத்தோடு கலந்திருக்கும். மற்றவை பல மணி நேர இடைவெளிக்குப் பொருந்தும். எனவே பெனிஸ்டன் பெரிதும் சாய்ந்தது நான்காவது ஒன்றின் மேல்: இரைப்பை. சிறுமி மாலை 5.45 மணி வாக்கில் சாப்பாட்டை முடித்திருந்தாள். இரைப்பையில் சரியாகச் செரிக்காத உணவு ஏறத்தாழ அரை லிட்டர் இருந்தது. சாதாரணமாக இரண்டு மணி நேரத்தில் இரைப்பை காலியாகிவிடும், ஆகவே சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் இறந்திருக்கிறாள் என்பது அவருடைய கணக்கு.

கேட்பதற்கு நேர்த்தியான கணக்கு. ஆனால் அதன் அடித்தளமே ஆட்டம் காண்பது. இரைப்பை ஒரே வேகத்தில் காலியாவதில்லை. கஞ்சி குடித்தவருக்கும் கறிச்சோறு சாப்பிட்டவருக்கும் ஒரே நேரமா ஆகும்? இறைச்சியும் கொழுப்பும் சேர்ந்த கனமான சாப்பாடு நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம்கூட இருக்கலாம். ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறும். பயமும் அதிர்ச்சியும் வலியும் செரிமானத்தைப் பாதியில் நிறுத்தும். கடத்தப்பட்ட ஒரு குழந்தையின் இரைப்பை வழக்கமான நேரப்படி இயங்கியிருக்கும் என்று எதை வைத்து நம்புவது? இரைப்பையில் இருந்தது அவள் கடைசியாகச் சாப்பிட்டது என்ன என்பதைச் சொல்லலாம். எத்தனை மணிக்கு இறந்தாள் என்று அது சொல்லாது.

தூக்குத் தண்டனை 1960-ல் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. வழக்கு 1966-ல் கனடா உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது உலகின் பெயர்பெற்ற தடயவியல் மருத்துவர்கள் இரு பக்கமும் சாட்சி சொன்னார்கள். பிரிட்டனின் கீத் சிம்ப்சன் பெனிஸ்டனின் கணக்கை ஆதரித்தார். அதே நாட்டின் பிரான்சிஸ் கேம்ப்ஸ் மறுத்தார். மறுவருடம் தண்டனை உறுதியானது. அந்தச் சமயத்தில் பெனிஸ்டனே தன் முடிவை மறுபடி யோசித்து, உடலில் கண்டவை இன்னும் பிந்திய நேரத்துக்கும் முரணானவை அல்ல என்று எழுதியிருந்தார். அந்த எழுத்து நீதிபதிகளின் முன் வைக்கப்படவில்லை. விசாரணையில் அவர் சொன்ன நேரத்தோடு பொருந்தாத நேரங்கள் குறிக்கப்பட்ட வரைவுகளும் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ஆவணங்களுக்குள்ளிருந்து வெளிவந்தன. ஒரு சிறுவனின் உயிர் ஊசலாடிய வழக்கில் இப்படி நடந்தது என்பதைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

ட்ரஸ்காட் 1969-ல் பரோலில் வெளியே வந்து வேறு பெயரில் வாழ்ந்தார். ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை மறுபடி விசாரித்தபோது, மாகாணத்தின் தலைமைத் தடயவியல் மருத்துவர் மைக்கேல் பொலனன் பழைய குறிப்புகளை எல்லாம் ஆராய்ந்தார். அந்தக் குறுகிய நேரத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பது அவருடைய முடிவு. அன்று உடலில் சேகரித்த ஈப்புழுக்களைப் பற்றிய குறிப்புகளையும் பூச்சியியல் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. 2007 ஆகஸ்ட் 28-ம் தேதி நீதிமன்றம் தண்டனையை நீதி பிறழ்ந்த தீர்ப்பு என்று அறிவித்து அவரை விடுவித்தது. மறுவருடம் மாகாண அரசு 65 லட்சம் கனடிய டாலர் இழப்பீடு கொடுத்தது.

இன்று பொறுப்புள்ள மருத்துவர் எழுதும் அறிக்கையில் மணியும் நிமிடமும் இருக்காது. ‘கடைசியாக உயிரோடு பார்த்தது இத்தனை மணிக்கு, உடல் கிடைத்தது இத்தனை மணிக்கு’ என்ற இரண்டு எல்லைகளை முதலில் போடுவார். பிறகு உடலில் கண்ட மாற்றங்கள் அந்த எல்லைக்குள் எந்தப் பகுதிக்குப் பொருந்துகின்றன, எதற்குப் பொருந்தவில்லை என்று எழுதுவார். அறையின் வெப்பத்தை யார், எப்போது அளந்தார்கள், உடலைக் குளிரூட்டியில் வைத்தது எத்தனை மணிக்கு என்பதும் அதில் இருக்கும். வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் தேடுவதும் இந்த வரிகளைத்தான்.