ஓவியருக்கு என்ன எழுதி அனுப்புவது?

சிறுவர் கதை எழுதி முடித்தவர் ஓவியருக்கு அனுப்பும் முதல் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “கதை இணைத்திருக்கிறேன். வண்ணமயமாக, குழந்தைகளுக்குப் பிடிக்கிற மாதிரி வேண்டும். எவ்வளவு ஆகும்?” இதற்கு எந்த ஓவியராலும் நேர்மையாக விலை சொல்ல முடியாது. எத்தனை படம், எந்த அளவு, எந்தெந்தப் பதிப்புக்கு என்று எதுவுமே அதில் இல்லை. தொடங்க வேண்டிய இடம் பக்கக் கணக்கு. அதைப் போட்டுவிட்டால் படங்களின் எண்ணிக்கை தெரியும். எண்ணிக்கையிலிருந்து தொகை வரும். எந்தெந்த உபயோகத்துக்கு என்பதும் சேர்ந்தால்தான் அந்தத் தொகை முழுமையாகும்.

ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். வேதாரண்யத்தில் ஒரு சிறுமி விடிகாலையில் தாத்தாவோடு உப்பளத்துக்குப் போகிறாள். சுமார் 500 சொற்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். அச்சகத்தில் ஒரு ஃபாரம் 8 அல்லது 16 பக்கமாக ஓடும். அதனால்தான் படக்கதைகள் 16, 24, 32 பக்கங்களில் வருகின்றன. இந்தக் கதைக்கு 24 பக்கம், தனி அட்டை என்று வைப்போம்.

ஆறு வெள்ளைத் தாள்களை நடுவில் மடித்து 24 பக்கச் சிறு நோட்டாக்கி எண் போட்டுப் பார்த்தால் ஒன்று புலப்படும். முதல் பக்கம் வலப்புறம் தனியாக நிற்கும். கடைசிப் பக்கம் இடப்புறம் தனியாக நிற்கும். மற்றவை எல்லாம் எதிரெதிர்ப் பக்கங்கள். முதல் பக்கம் தலைப்புக்கு, இரண்டாவது பதிப்பு விவரத்துக்கு. மூன்றாம் பக்கத்தில் கதை தொடங்கும். 4 முதல் 23 வரை பத்து இரட்டைப் பக்கப் படங்கள். 24இல் முடிவு. ஆக, இரட்டைப் பக்கப் படம் 10, ஒற்றைப் பக்கப் படம் 2, தலைப்புப் பக்கத்துக்கு ஒரு சிறு படம், அட்டைக்கு ஒன்று. மொத்தம் 14.

கதையையும் இந்த நோட்டின்படியே பிரித்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அங்கே அச்சாகப் போகும் வரிகள், அவற்றின் கீழே தேவைப்பட்டால் மட்டும் ஒரு குறிப்பு. ‘சிறுமி வியந்து பார்க்கிறாள், கையில் தூக்குவாளி, பின்னால் மூன்று பனைமரம்’ என்று எல்லாவற்றையும் எழுதினால் ஓவியருக்கு வேலையே மிஞ்சாது. வரியில் இல்லாத, ஆனால் கதைக்கு அவசியமான செய்தியைச் சொன்னால் போதும்: ‘தாத்தாவுக்கு இடது கால் தாங்கல்; எல்லாப் படத்திலும் தெரிய வேண்டும்’ என்பது போல.

அடுத்தது மாதிரிப் படங்கள். பல ஓவியர்களின் படங்களை இணையத்திலிருந்து எடுத்து அனுப்பி ‘இந்த ஸ்டைலில்’ என்று கேட்பது நல்ல வழியல்ல. இன்னொருவர் கையை நகலெடுக்கச் சொல்வதாகிவிடும். வருகிற படமும் உயிரில்லாமல் இருக்கும். அந்த ஓவியரே முன்பு வரைந்தவற்றில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் எது பிடித்தது என்று எழுதலாம். ‘முதல் படத்தின் நீர்வண்ணக் கசிவு, இரண்டாவதில் முகங்களை எளிமையாகப் போட்டிருப்பது’ என்றால் அவருக்குப் புரிந்துவிடும். அவர் வரைந்தவற்றில் எதுவுமே கதைக்குப் பொருந்தவில்லை என்றால் அந்த வேலைக்கு வேறு ஓவியரைத் தேடுவதே இருவருக்கும் நல்லது.

தகவலுக்கான படங்கள் வேறு. உப்பளப் பாத்தி எப்படி இருக்கும், உப்பு வாரும் பலகையின் கைப்பிடி எவ்வளவு நீளம், அங்கே பெண்கள் வெயிலுக்குத் தலையில் எப்படித் துணி சுற்றுகிறார்கள் என்பதற்குப் புகைப்படங்கள் தேவை. இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கலந்தால், புகைப்படம் போலவே வரையச் சொல்கிறார்கள் என்று ஓவியர் நினைத்துக்கொள்ளக்கூடும்.

முழுப் புத்தகத்தையும் தொடங்குமுன் சிறுமி, தாத்தா இருவரின் முழு உருவத்தையும் ஓர் இரட்டைப் பக்கத்தை முழு வண்ணத்திலும் கேட்டுப் பெறுவது நல்லது. அந்த மாதிரிப் பக்கத்துக்குக் காசு உண்டு என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். அது சரியென்றான பிறகு, 14 படங்களுக்கும் பென்சில் ரஃப் வரும். திருத்தங்கள் அங்கேயே முடிய வேண்டும். சிறுமியின் சட்டை ஐந்தாம் பக்கத்தில் கட்டம், ஒன்பதாம் பக்கத்தில் கோடு என்றால் ரஃபில் சில நிமிட வேலை. வண்ணத்துக்குப் பிறகு ஒரு நாள் வேலை. வரிகளை அந்த ரஃபின் மேலேயே வைத்துப் பார்த்துவிட வேண்டும். எழுத்துக்கு இடம் போதவில்லை, இரண்டு பக்கமும் சேரும் நடு மடிப்பில் சிறுமியின் முகம் விழுகிறது போன்ற கோளாறுகள் அப்போதுதான் தெரியும். ரஃபில் இரண்டு சுற்றுத் திருத்தம், வண்ணத்தில் ஒன்று, அதற்கு மேல் தனித் தொகை என்று வரம்பு வைத்துக்கொள்ளலாம்.

இனி பணம். கணக்குப் புரிவதற்காக மட்டும் ஒரு தொகையை வைப்போம்: இரட்டைப் பக்கத்துக்கு 3,000 ரூபாய், ஒற்றைப் பக்கத்துக்கு 1,500, தலைப்புப் படத்துக்கு 1,000, அட்டைக்கு 6,000. மொத்தம் 40,000. ஒப்பந்தம் போடும்போது 10,000, ரஃப் ஒப்புக்கொண்டதும் 10,000, இறுதிக் கோப்புகள் வந்ததும் 20,000. ரஃபுக்குப் பிறகு வேலை நின்றுபோனால் முதல் இரண்டு தவணையும் ஓவியருக்கே. ‘புத்தகம் வந்த பிறகு’ என்று தவணை வைத்தால் அச்சகம் தாமதித்ததற்கு ஓவியர் காத்திருக்க நேரும்.

தொகைக்குப் பதில் ராயல்டி தரலாமா என்று கேட்பவர்கள் பெருக்கிப் பார்க்க வேண்டும். 120 ரூபாய் விலை, 1,000 பிரதி, ஓவியருக்கு 5 சதவீதம் என்றால், அத்தனையும் விற்றாலும் 6,000 ரூபாய்தான். சிறு பதிப்புகளில் வேலைக்கான தொகையைக் கொடுத்துவிட்டு, இரண்டாம் பதிப்பிலிருந்து ராயல்டி தருவது நியாயமாக இருக்கும்.

உரிமை விஷயத்தில்தான் அதிகம் குழப்பம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து ஓவியமோ உருவப்படமோ வரையச் சொன்னால், மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது சொன்னவரே முதல் உரிமையாளர். இது தெரியாமல் வேலை செய்யும் ஓவியர்கள் நிறைய. இதை மட்டும் நம்பி எழுதாமல் விடுகிற ஆசிரியர்களும் உண்டு. கணினியில் வரைந்த கதைப்படம் அந்தப் பிரிவு சொல்லும் ‘ஓவியம்’தானா என்ற வாதத்துக்கு இடம் கொடுக்காமல் எழுதிக்கொள்வதே மேல். 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும்தான். சிங்கப்பூரிலோ இலங்கையிலோ பதிப்பிக்கும் எண்ணம் இருந்தால் அது எழுத்தில் வந்தாக வேண்டும்.

எந்த மொழிகளுக்கு என்பதும் அப்படியே. சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒரே படங்களோடு பல மொழிகளில் புத்தகம் கொண்டுவருகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் வரும் கதைகளைப் பெயர் குறிப்பிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். இவற்றில் எந்த வழி என்று தெரிந்தால்தான் ஓவியர் தொகை சொல்ல முடியும். பல மொழி என்றால் கடைப்பலகை எழுத்துகளைப் படத்தோடு ஒட்டாமல் தனி அடுக்கில் வைத்துத் தரவும் கேட்க வேண்டும். மின்னூல், அசைபடம், பொம்மை போன்றவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிடலாம். தாளில் வரைந்த மூலப்படம் யாரிடம் இருக்கும் என்பதும் வேறு வரி. எல்லா உரிமையையும் எழுதிக் கொடுத்த பிறகும், தன் பெயரைக் கோரவும் படத்தைச் சிதைத்தால் எதிர்க்கவும் ஓவியருக்கு 57ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஆகவே அட்டையில் அவர் பெயர் எங்கே, எந்த அளவில் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடலாம்.

இவ்வளவும் இரண்டு பக்கக் கடிதத்தில் அடங்கும். அனுப்பிய பிறகு, “எத்தனை படம், எந்தத் தேதிக்கு எது, எந்தெந்தப் பதிப்புக்கு என்று நீங்கள் புரிந்துகொண்டதை எழுதி அனுப்புங்கள்” என்று ஓவியரிடம் கேளுங்கள். அவர் 12 என்று எழுதி நீங்கள் 14 என்று நினைத்திருந்தால், அதை அன்றைக்கே பேசித் தீர்த்துக்கொண்டு முன்பணத்தை அனுப்பலாம்.