முதலீட்டாளரைச் சந்தித்த மறுநாள் எழுதும் மின்னஞ்சல்

முதலீட்டாளரைச் சந்தித்துவிட்டு வந்த நிறுவனர் அனுப்பும் நன்றி மின்னஞ்சல் ஒருவர் பெயருக்குத்தான் போகிறது. ஆனால் அதைப் படிப்பவர்கள் பலர். ஏஞ்சல் முதலீட்டாளர் குழுக்களிலும் வென்ச்சர் நிதிகளிலும், நிறுவனரை நேரில் பார்த்தவர் தனியாக முடிவெடுப்பது அபூர்வம். அவர் தன் கூட்டாளிகளிடமோ முதலீட்டுக் குழுவிடமோ விஷயத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு குறிப்பு தேவை. நேரம் இல்லாதபோது, நிறுவனரிடமிருந்து வந்த மின்னஞ்சலையே அப்படியே ஃபார்வர்டு செய்துவிடுவார். ஆகவே சந்திப்பில் இல்லாத ஒருவர் படித்தாலும் தொழில் என்ன, கேட்கப்பட்டது என்ன, பதில் என்ன என்று விளங்கும்படி அது இருக்க வேண்டும். 'நேற்று பேசியபடி விவரங்களை இணைத்திருக்கிறேன்' என்று மட்டும் எழுதினால் சந்திப்பில் இருந்தவருக்குப் போதும்; அடுத்த மேசையில் இருப்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது.

இந்த மின்னஞ்சலின் வேலை சந்திப்பு நடக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பேசிக்கொண்டிருக்கும்போது 'அதை அனுப்பிவிடுகிறோம்', 'பார்த்துச் சொல்கிறோம்' என்று நிறுவனர் வாயிலிருந்து நாலைந்து வாக்குறுதிகள் வந்துவிடும். அவை ஒவ்வொன்றையும் கேட்டவர் சொன்ன வார்த்தைகளிலேயே குறித்துக்கொள்ள உடன் ஒருவர் இருப்பது நல்லது. பேசுகிறவரே எழுதிக்கொள்வது நடக்காத காரியம். வெளியே வந்ததும் இருவரும் பத்து நிமிடம் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்துவிட வேண்டும். மறுநாளுக்குள் எந்தெந்த விவரம் தயாராகும், எது ஆகாது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அனுப்ப ஏற்ற நேரம் மறுநாள் காலை. முதலீட்டாளர் தரப்பில் சந்திப்பைப் பற்றிய குறிப்பு பெரும்பாலும் ஓரிரு நாளில் எழுதப்படும். அதற்குள் சரியான எண்கள் அங்கே இருந்தால் அவையே குறிப்பில் ஏறும். எல்லா விவரமும் கைக்கு வரட்டும் என்று ஒரு வாரம் காத்திருப்பதுதான் பலரும் செய்வது. அதைவிட, இருப்பதை அனுப்பிவிட்டு, இல்லாதது எந்தத் தேதியில் வரும் என்று எழுதுவதே மேல்.

கோயம்புத்தூரில் வீடுகளுக்கு இட்லி, தோசை மாவு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனையாக வைத்துப் பார்க்கலாம். அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை சந்திப்பு. அடுத்த வாரம் தீபாவளி. முதலீட்டாளர் மூன்று விவரங்கள் கேட்கிறார். சேரும் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் தொடர்ந்து வாங்குகிறார்கள்? டெலிவரிச் செலவையும் சேர்த்தால் ஒரு பாக்கெட்டில் எவ்வளவு நிற்கும்? இப்போது பங்குகள் யார் யாரிடம் இருக்கின்றன? முதல் கேள்விக்கு நிறுவனர், 'சுமார் 70 சதவீதம் பேர் தொடர்கிறார்கள்' என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அன்று இரவு ஆர்டர் பட்டியலை எடுத்து எண்ணிப் பார்க்கும்போது சிக்கல் தெரிகிறது. 70 என்பது, எப்போதாவது ஒரு தடவைக்கு மேல் வாங்கிய எல்லோரையும் சேர்த்த கணக்கு. ஏப்ரலில் இரண்டு தடவை வாங்கிவிட்டு மே மாதமே நின்றுபோனவரும் அதில் இருக்கிறார். முதலீட்டாளர் கேட்டது அதுவல்ல. ஒரு மாதத்தில் சேர்ந்தவர்களைத் தனிக் குழுவாகப் பிரித்து, மூன்று மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் இன்னும் வாங்குகிறார்கள் என்று பார்ப்பதே அவர் கேட்ட அளவு. அப்படி எண்ணினால் ஏப்ரலில் சேர்ந்த 240 வீடுகளில் ஜூலையில் வாங்கியவை 137, அதாவது 57 சதவீதம்.

இந்த இடத்தில்தான் மின்னஞ்சல் தேறுவதோ தோற்பதோ முடிவாகிறது. 70 என்று சொன்னதைக் காப்பாற்றும் விதமாக அட்டவணை தயாரிக்க மனம் இழுக்கும். ஆனால் முதலீட்டுக்கு முன் நடக்கும் முழு ஆய்வில் ஆர்டர் பட்டியல், வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். அப்போது 57 வெளிவந்தால், மீதி எண்கள் மீதும் நம்பிக்கை போய்விடும். மறுநாளே நிறுவனர் தானாகத் திருத்திச் சொன்னால், அது கணக்குத் தெரிந்தவர் செய்த திருத்தமாகப் படிக்கப்படும். மாதவாரியாகப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு பலனும் உண்டு. மே மாதம் சேர்ந்தவர்களில் 60 சதவீதமும், ஜூனில் சேர்ந்தவர்களில் 62 சதவீதமும் மூன்று மாதம் கழித்து வாங்கியிருக்கிறார்கள். 70 என்ற ஒற்றை எண்ணில் மறைந்திருந்த ஏறுமுகம் அட்டவணையில் கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று மாதத்து ஏற்றத்தை மட்டும் வைத்து, 'இப்படியே உயரும்' என்று எழுதக் கூடாது. எண்களை வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வதே சரி.

மின்னஞ்சல் இப்படி அமையலாம்.

பொருள்: நேற்றைய சந்திப்புக்கு நன்றி – கேட்ட 3 விவரங்களில் 2 இத்துடன், 3ஆவது வெள்ளிக்கிழமை

வணக்கம் மேடம்,

கோவையில் வீடுகளுக்கு நாங்கள் நடத்தும் இட்லி மாவு விநியோகத்தைப் பற்றி நேற்று (அக்டோபர் 14) ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. டெலிவரியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்ததில், ஒரே தெருவில் உள்ள ஆர்டர்களை ஒரே நடையில் கொடுக்க வேண்டும் என்று புரிந்தது.

1. தொடர்ந்து வாங்குவோர்: ஏப்ரலில் சேர்ந்த 240 வீடுகளில் 137 ஜூலையில் வாங்கின (57%). மே மாதம் சேர்ந்த 260இல் 156 ஆகஸ்டில் வாங்கின (60%). ஜூனில் சேர்ந்த 250இல் 155 செப்டம்பரில் வாங்கின (62%). நேற்று 70% என்று சொன்னேன். அது ஒரு தடவைக்கு மேல் வாங்கிய எல்லோரையும் சேர்த்த கணக்கு. நீங்கள் கேட்டதற்கு மேலே உள்ளதே சரியான பதில்.

2. ஒரு கிலோ பாக்கெட்டுக்குக் கணக்கு (ஜி.எஸ்.டி. நீங்கலாக): விற்பனை விலை ₹60. அரிசி, உளுந்து ₹24, ஆள்கூலி, மின்சாரம் ₹8, கவர் ₹4, டெலிவரி ₹11. மொத்தச் செலவு ₹47, நிற்பது ₹13. டெலிவரியைச் சேர்க்காவிட்டால் ₹24. வாடகையும் அலுவலகச் சம்பளமும் இதில் சேரவில்லை.

3. பங்குதாரர் பட்டியல்: சென்ற ஆண்டு வாங்கிய கடன் பங்காக மாறியதை ஆடிட்டர் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்புகிறேன்.

அடுத்து, உங்கள் குழுவில் உணவுத் துறையைப் பார்ப்பவருடன் பேசலாம் என்று சொன்னீர்கள். தீபாவளி முடிந்து அக்டோபர் 24 வெள்ளி காலை 11 மணி, அல்லது 27 திங்கள் மாலை 4 மணி, இரண்டில் எது அவருக்கு வசதி? அரை மணி நேரம் போதும்.

நன்றி.

இதில் நன்றிக்கு மூன்று வாக்கியங்கள்தாம். இரண்டாவது வாக்கியம் சந்திப்பில் நடந்த ஒன்றைத் தொடுகிறது. அதை வேறு எந்த முதலீட்டாளருக்கும் நகலெடுத்து அனுப்ப முடியாது. 'தங்கள் மேலான வழிகாட்டலுக்கு' என்று நீட்டுவதைவிட அவர் சொன்ன ஒரு யோசனை எங்கே உதவியது என்று காட்டுவதே உண்மையான மரியாதை. முக்கியமான எண்கள் மின்னஞ்சலுக்குள்ளேயே இருக்கின்றன. பயணத்தில் போனில் படிப்பவர் இணைப்பைத் திறக்காமலே விஷயத்தைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று இருக்கிறது. வரி சேர்ந்த விலையா, சேராத விலையா என்று சொல்லாமல் விட்டால், பிறகு ஜி.எஸ்.டி. ரிட்டர்னோடு பொருத்தும்போது எண் இடிக்கும்.

முழு அட்டவணையை எக்செல் கோப்பாக, கணக்கிடும் சூத்திரங்கள் அப்படியே இருக்கும்படி இணைப்பது நல்லது. படம் எடுத்து ஒட்டிய அட்டவணையை யாரும் கூட்டிப் பார்க்க முடியாது. கூட்டிப் பார்க்க முடியாத எண்ணை ஆய்வு செய்பவர் நம்புவதும் இல்லை. டிரைவ் லிங்க்காக அனுப்புவதானால் வேறொரு மின்னஞ்சல் கணக்கிலிருந்து திறந்து பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். 'அனுமதி தேவை' என்று திரையில் வந்தால், அனுமதி கேட்டு நிறுவனருக்கு எழுதும் பொறுமை எதிர்த்தரப்புக்கு இராது. ஆர்டர் பட்டியலிலிருந்து அட்டவணை எடுக்கும்போது வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், முகவரி ஆகிய பத்திகளை நீக்கிவிட்டு எண்ணிக்கையை மட்டும் கொடுக்க வேண்டும். மாவு வாங்கிய குடும்பத்தின் விவரம் முதலீட்டாளருக்குத் தேவையே இல்லை. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இதில் அலட்சியம் கூடாது.

சேர்க்கக் கூடாத ஒன்றும் உண்டு. 'உங்களுக்கு இந்த விலையில் இத்தனை பங்கு தருகிறோம்' என்று நன்றி மின்னஞ்சலில் எழுதுவது தவறு. தனியார் நிறுவனம் குறிப்பிட்ட சிலருக்குப் பங்கு வழங்க 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 42ஆவது பிரிவு தனி நடைமுறை வைத்திருக்கிறது. அதற்கான கடிதம் பி.ஏ.எஸ்-4 என்ற படிவத்தில்தான் போக வேண்டும். அந்தக் கட்டம் பின்னால் வரும். இப்போது பேசுவது தகவல் மட்டுமே.

அடுத்த கட்டத்தைச் சொல்லும் பகுதியில் பலர் சறுக்குகிறார்கள். 'தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்' என்பதில் யார் எதை எப்போது செய்ய வேண்டும் என்பது இல்லை. மேலே உள்ள கடிதத்தில் நிறுவனர் செய்ய வேண்டியதற்கு ஒரு தேதி இருக்கிறது. முதலீட்டாளர் செய்ய வேண்டியது இரண்டு நேரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மட்டும். 'முதலீடு செய்வீர்களா?' என்ற கேள்விக்கு அவரால் இன்று பதில் சொல்ல முடியாது. 'வெள்ளியா, திங்களா?' என்பதற்கு உடனே சொல்லலாம். அந்தப் பேச்சும் அவரே சந்திப்பில் சொன்னதாக இருக்க வேண்டும். அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எழுதினால் அது நெருக்குவதாகப்படும். வேறு முதலீட்டாளர்கள் வரிசையில் நிற்பதாகக் காட்டி அவசரப்படுத்துவதும் அப்படித்தான். உண்மையிலேயே ஒரு கெடு இருந்தால் அதைத் தேதியோடு ஒரே வரியில் சொல்லலாம்.

வெள்ளிக்கிழமை மாலை பங்குதாரர் பட்டியல் அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாகப் போய்ச் சேர வேண்டும். புதிதாக ஒன்று தொடங்கினால் முதல் விவரங்கள் எங்கோ கிடக்கும். ஆடிட்டர் அன்றைக்கு முடிக்கவில்லை என்றால், மாலைக்குள் காரணத்தையும் புதுத் தேதியையும் இரண்டு வரியில் எழுதுவது கட்டாயம். முதலீட்டாளர் பார்க்கும் முதல் கெடு இதுதான்.

அதன்பின் ஒரு வாரம் பதில் இல்லாவிட்டால் மறுபடி எழுதலாம், ஆனால் கையில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும். ஜூலையில் சேர்ந்தவர்களில் அக்டோபரில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற கணக்கு மாதக் கடைசியில் வந்துவிடும். அதை முன்னைய அட்டவணையில் அதே முறையில் சேர்த்து அனுப்பினால் நினைவூட்டலும் ஆயிற்று, தகவலும் ஆயிற்று. அந்த மாதம் 62க்குக் கீழே இறங்கியிருந்தாலும் அதே இடத்தில், அதே வரிசையில் எழுத வேண்டும். 'இப்போதைக்கு முடியாது' என்று பதில் வந்தால், காரணம் கேட்டு ஒரு வரி எழுதலாம். மாதாந்தர விவரத்தைத் தொடர்ந்து பெற விருப்பமா என்றும் கேட்டுக்கொள்ளலாம். விருப்பம் என்றால் அட்டவணை மாதந்தோறும் போகும். இல்லையென்றால் அத்துடன் நிறுத்திக்கொள்ள வேண்டும்.