சர்வர் படுத்தால் எத்தனை மணிக்குள் எழும்?

ஓர் ஆடிட்டர் அலுவலகம். ஒரே சர்வருக்குள் இரண்டு மெய்நிகர் கணினிகள்: ஒன்றில் டேலி, மற்றதில் கோப்புகள். மீட்புத் திட்டத்துக்கு ஒரு தாள் போதும். ஒவ்வொரு கணினிக்கும் எத்தனை மணி நேரப் பதிவு தொலைந்தால் தாங்கும், எத்தனை மணிக்குள் மீண்டும் ஓட வேண்டும் என்று அதில் எழுதுங்கள். முதலாவது மீட்புப் புள்ளி, அடுத்தது மீட்பு நேரம்.

டேலிக்கு 1 மணி, 4 மணி என்று எழுதியாயிற்று. பேக்கப் ஓடுவதோ இரவு 10 மணிக்கு மட்டும். மாலை 5 மணிக்கு டிஸ்க் போனால் அன்றைய வவுச்சர்கள் அத்தனையும் திரும்ப அடிக்க வேண்டும். தாளில் இருக்கும் 1 மணி வெறும் ஆசைதான். மணிக்கொரு பேக்கப் வேண்டும், அதுவும் வேறு பெட்டியில். அதே டிஸ்க்கில் எடுத்த ஸ்னாப்ஷாட் டிஸ்க்கோடு போய்விடும்.

200 ஜிபியை வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் திருப்ப அரை மணிக்குச் சற்று மேல் ஆகும். மீதி நேரத்தைத் தின்பது மாற்றுக் கணினியையும் பாஸ்வேர்டையும் தேடுவதுதான். அவை யாரிடம் இருக்கின்றன என்பதையும் எழுதி, தாளை அச்சடித்து வையுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை, நெட்வொர்க்கைத் துண்டித்து, பேக்கப்பை வேறு பெயரில் மீட்டுப் பாருங்கள். ஆன நேரத்தையும் கடைசி வவுச்சர் எப்போது பதிவானது என்பதையும் தாளோடு ஒப்பிடுங்கள்.